ஒரு லட்சம் தேய்ப்பு

வேளச்சேரியில் இருக்கும் என் சித்தப்பா வீட்டுக்குப் போனால் கொஞ்ச நாளாக வேட்டியின் பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டியிருந்தது. கூடத்து சோஃபாவின் பழுப்பு ரெக்ஸின் செதில் செதிலாக உரிந்து, உட்காருகிறவர் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். சாய்மானத்தில் தலை படும் இடம், கைப்பிடியில் முழங்கை படும் இடம் எல்லாம் வெறும் வலைத்துணி தெரிய ஆரம்பித்துவிட்டது. வாங்கி நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

"ஏன்டா, நீ துணி டெஸ்டிங்ல இருந்தவன்தானே? ஒரு லட்சம் ரப்ஸ் தாங்கும்னு சொல்லித்தானே வித்தான்? நானும் உங்க சித்தியும் நாலு வருஷத்துல ஒரு லட்சம் தடவையா உட்கார்ந்து எழுந்தோம்?"

நியாயமான கேள்வி. நான் கரூரில் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் சில வருடம் வேலை பார்த்தவன். ஏற்றுமதிக்குப் போகும் துணிகளை இயந்திரத்தில் தேய்த்துத் தேய்த்து, எப்போது நூல் அறும் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அப்போது என் பிழைப்பு. சித்தப்பாவிடம் நான் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை: கடைக்காரர் சொன்ன எண் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த ரெக்ஸின் இன்றைக்கும் ஒரு லட்சம் தேய்ப்பைத் தாங்கிய ரெக்ஸின்தான். அது செத்தது தேய்ப்பால் அல்ல.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும்.

உலகம் முழுக்க சோஃபா துணிக்கும் ஆடைத் துணிக்கும் அதிகம் பயன்படும் தேய்மானச் சோதனைக்கு மார்ட்டின்டேல் என்று பெயர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் கம்பளித் தொழிலுக்கான ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த மார்ட்டின்டேல் என்பவர் 1942இல் இந்த இயந்திரத்தைப் பற்றி எழுதினார். கூடத்தில் அவர் பெயரைத்தான் இயந்திரத்துக்கும் சொல்வோம். "மார்ட்டின்டேல்ல போட்டாச்சா?" என்றால் துணி தேய ஆரம்பித்துவிட்டதா என்று அர்த்தம்.

சோதனைக்கு வந்த துணியிலிருந்து வட்டமாக வெட்டி எடுக்கும் துண்டு, கடைசியில் 38 மில்லிமீட்டர்தான். பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதை ஓர் உலோகப் பிடிப்பானில் முகம் கீழே பார்க்க மாட்டுவார்கள். துணி மெல்லியதாக இருந்தால் உள்ளே ஒரு ஃபோம் வட்டமும் வைப்பார்கள். கீழே மேசையில் கெட்டி ஃபெல்ட், அதன்மேல் தேய்க்கும் துணி. அந்தத் தேய்க்கும் துணி என்ன தெரியுமா? சாதாரண நெசவில் நெய்த கம்பளித் துணி. உப்புத்தாளோ இரும்போ இல்லை. எந்த நூல், எத்தனை இழை என்று அளவு குறித்து, இந்தச் சோதனைக்கென்றே தயாராகி வருவது. 50,000 தேய்ப்புக்கு ஒருமுறை அதையும் புதிதாக மாற்றிவிட வேண்டும். ஏனென்றால் அதுவும் தேய்ந்து வழவழப்பாகி, தேய்க்கும் வேகத்தை இழந்துவிடும்.

பிடிப்பான் நகரும் விதம்தான் மார்ட்டின்டேலின் சாமர்த்தியம். முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் தேய்த்தால் ஒரு பக்கத்து நூல்தான் அதிகம் அடிபடும். அதனால் இயந்திரம் முதலில் ஒரு கோடு போடும். அந்தக் கோடு மெல்ல வயிறு விரிந்து நீள்வட்டமாகும், பிறகு வட்டத்துக்குப் பக்கமாக வரும், மறுபடி ஒடுங்கி எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடாகும், அங்கிருந்து திரும்பி வரும். லிசாஜு என்ற பிரெஞ்சு அறிஞர் பெயரால் அழைக்கப்படும் இந்த வடிவத்தைப் பேனா வைத்து வரையவிட்டால் சிக்குக் கோலம் மாதிரி இருக்கும். முழுக் கோலம் ஒன்று முடிய 16 சுற்று ஆகும். ஒரு சுற்றுதான் ஒரு தேய்ப்பு, கடையில் சொல்கிற ஒரு 'ரப்'. நிமிடத்துக்கு 47, 48 சுற்று என்ற வேகத்தில் போனால் 1,00,000 தேய்ப்புக்கு, இடையில் நிறுத்திப் பார்க்கும் நேரத்தைச் சேர்க்காமலே, கிட்டத்தட்ட 35 மணி நேரம் ஆகும். எங்கள் கூடத்தில் சாயங்காலம் போட்டுவிட்டுப் போனால் மறுநாள் காலை வரும்போதும் அது கோலம் போட்டுக்கொண்டுதான் இருக்கும்.

பிடிப்பானின் மேல் ஒரு எடையை வைப்பார்கள். இங்கேதான் முதல் குழப்பம் ஆரம்பமாகிறது. ஆடைத் துணிக்கு ஓர் எடை, சோஃபா துணிக்கு வேறு எடை. ஆடைக்கு மொத்தம் 595 கிராம், அதாவது 9 கிலோபாஸ்கல் அழுத்தம். சோஃபா துணி, வேலைக்காரர்கள் போடும் முரட்டு உடை, படுக்கை விரிப்பு போன்றவற்றுக்கு 795 கிராம், 12 கிலோபாஸ்கல். ஒரே துணியை இரண்டு விதமாகவும் சோதித்தால் இரண்டு எண் வரும், லேசான எடையில் பெரிய எண். ஒரு சட்டைத் துணிக்கு 30,000 என்றும் ஒரு சோஃபா துணிக்கு 30,000 என்றும் போட்டிருந்தால் இரண்டும் ஒரே பலம் என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்த கேள்வி, எப்போது நிறுத்துவது? கோலம் போட்டுக்கொண்டே இருக்கும் துணியை இடையிடையே வெளியே எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். நெய்த துணியானால் தனித்தனியாக இரண்டு நூல் முழுசாக அறுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. பின்னலாடைத் துணியில் ஒரு நூல் அறுந்து ஓட்டை விழுந்தாலே போதும். வெல்வெட் மாதிரி மயிர் நிற்கும் துணியில் அந்த மயிர் முழுசாக உதிர்ந்துவிட வேண்டும். மற்றபடி துணி வெளுத்திருக்கலாம், பளபளப்பு ஏறியிருக்கலாம், பிசிறு பிசிறாக நிற்கலாம். இரண்டு நூல் அறாதவரை கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த இடையிடையே பார்ப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வாங்குகிறவர்கள் யாரும் கேட்காத, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு. ஆரம்பத்தில் அடிக்கடி பார்ப்போம். 5,000க்கு மேல் 20,000 வரை 2,000 தேய்ப்புக்கு ஒருமுறை. அதிலிருந்து 40,000 வரை 5,000த்துக்கு ஒருமுறை. 40,000க்கு மேல் போய்விட்டால் 10,000த்துக்கு ஒருமுறைதான். எந்தப் பார்வையில் நூல் அறுந்திருப்பது தெரிகிறதோ, அதற்கு முந்தைய பார்வையின் எண்ணைத்தான் அறிக்கையில் எழுதுவோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கூடத்துக்கு ஒரு பாலியஸ்டர்-பருத்தி சோஃபா துணி வருகிறது. மூன்று துண்டு வெட்டி மூன்று பிடிப்பானில் மாட்டுகிறோம். 20,000த்தில் எடுத்துப் பார்த்தால் மூன்றும் நன்றாக இருக்கின்றன. 25,000த்திலும் நூல் ஏதும் அறவில்லை. 30,000த்தில் எடுத்தால் முதல் துண்டில் இரண்டு ஊடை நூல் அறுந்திருக்கிறது, மற்ற இரண்டும் சரியாக இருக்கின்றன. முதல் துண்டின் எண் 25,000. அது உண்மையில் 25,100த்தில் அறுந்ததா 29,900த்தில் அறுந்ததா என்பது யாருக்கும் தெரியாது. மற்ற இரண்டையும் தொடர்ந்து ஓட்டினால் ஒன்று 35,000த்தில் அறுந்து 30,000 என்றாகிறது, இன்னொன்று 40,000த்தில் அறுந்து 35,000 என்றாகிறது. ஒரே மீட்டர் துணியில், ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில், 25,000, 30,000, 35,000. அறிக்கையில் மூன்றும் இருக்கும், சராசரியும் இருக்கும். விற்பனைக் கையேட்டில் எது இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது 40,000க்கு மேல் யோசித்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டு துணி மாதிரிகளில் ஒன்றுக்கு 40,000, இன்னொன்றுக்கு 50,000. மீட்டருக்கு நூற்றைம்பது ரூபாய் வித்தியாசம். ஆனால் அந்த 10,000 வித்தியாசம் என்பது கூடத்தில் ஒரே ஒரு பார்வை. முதல் துணி 49,000 வரைகூடத் தாங்கியிருக்கலாம், இரண்டாவது 50,001இல்கூட அறுந்திருக்கலாம். இன்னொன்றும் நடக்கும். வாங்குகிறவர் 50,000 போதும் என்று சொல்லிவிட்டால் அந்த எண் வந்ததும் அறாத துணியையும் நிறுத்திவிடுவோம். ஆக, 50,000 என்பது அங்கே அறுந்த துணியாகவும் இருக்கலாம், அறாமல் கீழே இறக்கிய துணியாகவும் இருக்கலாம். 15,000க்கும் 40,000க்கும் நடுவில் நிஜமான வித்தியாசம் இருக்கிறது. 40,000க்கும் 50,000க்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் விலை மட்டும்தான்.

இதற்கு மேல் இன்னொரு எண்ணும் கடைகளில் சுற்றுகிறது: டபுள் ரப்ஸ். இது அமெரிக்கச் சோதனை, வைசன்பீக் என்று பெயர். அங்கே வளைந்த உருளை ஒன்று முன்னும் பின்னும் ஆடும். இறுக்கிப் பிடித்த துணியின்மேல் அது போய் வந்தால் ஒரு டபுள் ரப். உருளையில் சுற்றியிருப்பது கம்பளி இல்லை, கெட்டியான பருத்திக் கித்தான், சில சமயம் எஃகுக் கம்பிவலை. பாவு வழியாகத் தனியாக, ஊடை வழியாகத் தனியாகத் தேய்ப்பார்கள். இரண்டு சோதனைக்கும் தேய்க்கும் பொருள் வேறு, அழுத்தம் வேறு, நகரும் விதம் வேறு. "டபுள் ரப் என்றால் மார்ட்டின்டேலில் இரண்டு மடங்கு" என்று ஒரு விற்பனையாளர் என்னிடமே கணக்குப் போட்டுக் காட்டினார். அப்படி ஒரு மாற்றுக் கணக்கு கிடையாது. ஒன்றில் நன்றாக வரும் துணி இன்னொன்றில் மோசமாக வருவதும் நடக்கும்.

இந்த டபுள் ரப்பை வைத்துத்தான் கடைகளில் இன்னொரு வாய்ப்பாடும் ஓடுகிறது. 3,000 டபுள் ரப் என்றால் ஒரு வருட உழைப்பாம். அப்படியானால் 15,000 என்பது ஐந்து வருடம், 1,00,000 என்பது முப்பத்துமூன்று வருடம். எந்த சோஃபாவின் ஃபோமும் அதுவரை இருக்காது, சட்டத்தில் போட்ட மரமும் இருக்குமா என்பது சந்தேகம். அமெரிக்காவில் அலுவலகம், விடுதி போன்ற இடங்களுக்குத் துணி விற்பவர்களின் சங்கமான அசோசியேஷன் ஃபார் கான்ட்ராக்ட் டெக்ஸ்டைல்ஸ் இந்த விஷயத்தில் நேர்மையாக இருக்கிறது. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்கு 15,000 டபுள் ரப் அல்லது மார்ட்டின்டேலில் 20,000. நடமாட்டம் அதிகமான பொது இடத்துக்கு 30,000 டபுள் ரப் அல்லது மார்ட்டின்டேலில் 40,000. இதுதான் அவர்கள் கேட்கும் குறைந்தபட்சம். இராப்பகலாக ஆட்கள் வந்துபோகும் விமான நிலையம், அவசர சிகிச்சைப் பிரிவு மாதிரி இடங்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்கிறார்கள். ஆனால் 1,00,000 டபுள் ரப்பைத் தாண்டிய எண்ணால் துணியின் ஆயுள் கூடும் என்பதற்கு அர்த்தமில்லை என்றும் அவர்களே சொல்லிவிட்டார்கள். துணி விற்பவர்களின் சங்கம் இதைச் சொல்வது கவனிக்க வேண்டிய விஷயம்.

நான் இந்த எண்ணைப் பயன்படுத்தும் விதம், பேருந்தில் ஏற உயரம் பார்க்கிற மாதிரி. குழந்தை அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் டிக்கெட், அவ்வளவுதான். எவ்வளவு தாண்டியது என்று கண்டக்டர் அளப்பதில்லை. தினமும் உட்காரும் வீட்டு சோஃபாவுக்கு மார்ட்டின்டேலில் 20,000, 25,000 தாண்டிவிட்டால் தேய்மானத்தைப் பற்றி மறந்துவிடலாம். பிள்ளைகள் குதிக்கிற வீடு என்றால் 30,000, 40,000. அதற்கு மேல் கவனிக்க வேண்டியவை எல்லாம் இந்த எண்ணில் இல்லாத விஷயங்கள்.

முதலில் சாயமும் அச்சும். பூப்போட்ட பருத்தித் துணியில் அந்தப் பூ நூலின் மேல்தோலில் மட்டும் ஒட்டியிருக்கலாம். தேய்த்தால் சில ஆயிரத்திலேயே பூ மங்கி வெள்ளை தெரியும். நூலோ 20,000 வரை அறாது. அறிக்கையில் 20,000 என்றுதான் வரும். தோற்றம் எவ்வளவு மாறியது என்று பார்க்கத் தனிச் சோதனை உண்டு, அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. துணி மாதிரியை மடித்து உள்பக்கம் பாருங்கள். பின்பக்கத்திலும் நிறம் முன்பக்கம் மாதிரியே ஆழமாக இருந்தால் நூலிலேயே சாயம் ஏறியிருக்கிறது. பின்பக்கம் வெளுப்பாக இருந்தால் முன்பக்கம் தேயத் தேய அந்த வெளுப்புதான் மேலே வரும்.

அடுத்தது உருண்டை. சோஃபாவிலும் ஸ்வெட்டரிலும் குட்டிக் குட்டியாகப் பந்து கட்டுமே, அது. கூடத்தில் பில்லிங் என்போம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. துணியின் மேல் எழும்பும் நார்கள் சிக்கி உருண்டை கட்டுவது எல்லாத் துணியிலும் நடக்கும். கம்பளி, பருத்தி போன்றவற்றில் அந்த உருண்டையைப் பிடித்திருக்கும் நார் பலமில்லாதது, தேயத் தேய அறுந்து உருண்டை உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் நார் பலமானது, அறாது. உருண்டை அங்கேயே தொங்கும். தேய்மானச் சோதனையில் துணிக்கு உயர்ந்த எண்ணை வாங்கித் தந்த அதே பலம்தான் உருண்டையையும் பிடித்து வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் கண்ணில் துணி பாழாகிவிட்டது, கணக்குப்படியோ பாதிகூடத் தேயவில்லை. இதற்கும் மார்ட்டின்டேல் இயந்திரத்திலேயே லேசான எடை வைத்துத் தனிச் சோதனை செய்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் உருண்டையே இல்லை. எனக்கு ஒரே ஒரு எண்தான் கேட்க அனுமதி என்றால் தேய்ப்பு எண்ணை விட்டுவிட்டு இந்த மதிப்பெண்ணைத்தான் கேட்பேன்.

மூன்றாவது, தையலோரம். தளர நெய்த துணியில் நூல் அறவே வேண்டாம், தையலை விட்டு நழுவினால் போதும், மூலையில் வாய் திறந்துவிடும். துணி மாதிரியை இரண்டு கையிலும் பிடித்து, கட்டை விரல்களை அருகருகே வைத்து வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். நூல்கள் விலகிச் சல்லடை மாதிரி தெரிந்து, விட்ட பிறகும் அப்படியே நின்றால் அந்தத் துணி எத்தனை ஆயிரம் எழுதியிருந்தாலும் சோஃபாவுக்கு வேண்டாம்.

சட்டைத் துணிக்கு வந்தால் கதை இன்னும் கொஞ்சம் மாறும். மார்ட்டின்டேல் துணியைத் தட்டையாக வைத்துத்தான் தேய்க்கிறது. சட்டை எங்கே கிழிகிறது? காலரின் மடிப்பில், கைப்பட்டையின் ஓரத்தில். பேண்ட் எங்கே தேய்கிறது? இரண்டு தொடைக்கும் நடுவில், வியர்வை ஈரத்தோடு. மடிப்பில் நார் ஏற்கனவே வளைந்து இழுபட்டு நிற்கிறது, அதன்மேல் தாடியும் கழுத்தும் தேய்க்கிறது, பிறகு சோப்பும் பிரஷ்ஷும். தட்டையாக 20,000 தாங்கிய துணியின் மடிப்பு அதற்கு வெகு முன்னாலேயே விட்டுவிடும். இதை நம் அம்மாக்கள் எந்தக் கூடத்துக்கும் போகாமல் தெரிந்து வைத்திருந்தார்கள். காலர் தேய்ந்த சட்டையை டெய்லரிடம் கொடுத்துக் காலரை மட்டும் திருப்பித் தைத்து வாங்குவார்கள், உடம்புத் துணி இன்னும் இரண்டு வருடம் ஓடும்.

சுருக்கம் விழாத சட்டை என்று விற்கிறார்களே, அதில் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. பருத்தி நாருக்குள் இருக்கும் மூலக்கூறுகளை ஒரு ரசாயனப் பிசினால் குறுக்கே குறுக்கே கட்டிப்போடுவதால்தான் சுருக்கம் விழாமல் நிற்கிறது. கட்டிப்போட்ட நார் வளைந்து கொடுக்காது, மொறுமொறுப்பாகிவிடும், அதனால் தேய்ப்புத் தாங்கும் திறன் கணிசமாகக் குறையும். அதே நூல், அதே நெசவு, பிசின் போடாத துணியைவிடச் சீக்கிரம் காலர் விடும். அலுவலகத்துக்கு இஸ்திரி போட நேரமில்லாதவர் தெரிந்தே அந்த விலையைக் கொடுக்கலாம், தப்பில்லை. பள்ளிச் சீருடைக்கு அதை வாங்குவதுதான் எனக்குப் புரியவில்லை.

சோதனைக் கூடத்தில் இல்லாத இன்னொன்று நம் வீட்டில் தாராளமாக இருக்கிறது. மண். மார்ட்டின்டேலில் தேய்ப்பது சுத்தமான கம்பளி, அறை 20 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். நம் வீட்டில் ஜன்னல் வழியாக வரும் மணல் துகள் நெசவின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு முறை உட்காரும்போதும் நாரை அரிக்கிறது. வாரம் ஒருமுறை வேக்குவம் போட்டால் அல்லது குஷனைக் கழற்றிப் போய் வெளியே அடித்தால் நீளும் ஆயுள், 30,000த்திலிருந்து 50,000த்துக்குப் போய் வாங்குகிற ஆயுளைவிட அதிகம் என்பது என் அனுபவம்.

இனி சித்தப்பாவின் ரெக்ஸின்.

நாம் ரெக்ஸின் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு ஜாதி உண்டு. பழைய பேருந்து சீட்டில் இருந்த கெட்டி ரெக்ஸின் பிவிசி. இப்போது தோல் மாதிரியே மெத்தென்று இருக்கிற சோஃபா உறை பெரும்பாலும் பியூ, அதாவது பாலியூரித்தேன். ஒரு பின்னல் துணியின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தோலைப் படியவைத்திருப்பார்கள். புதிதாக இருக்கும்போது அந்தத் தோல் வழவழப்பானது, உராய்வு குறைவு. அதன்மேல் கம்பளி தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு லட்சம் தேய்ப்பு அதற்கு அவ்வளவு பெரிய காரியமில்லை.

ஆனால் மலிவு பியூவில் ஒரு பலவீனம். அதன் மூலக்கூறுச் சங்கிலியில் எஸ்டர் என்ற வகைக் கண்ணிகள் இருக்கும். தண்ணீர் அந்தக் கண்ணிகளை மெல்ல மெல்ல வெட்டும். தண்ணீரை ஊற்ற வேண்டாம், காற்றில் இருக்கும் ஈரமே போதும். வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகம். கடலோரத்தில் வருடம் முழுக்கப் புழுக்கம் இருக்கும் சென்னை அதற்கு ஏற்ற ஊர். உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் வெட்டு நடந்துகொண்டே இருக்கும். விருந்தினர் அறையில் யாரும் தொடாமல் பெட்ஷீட் போட்டு மூடிவைத்த பியூ சோஃபா கூட ஒருநாள் பெட்ஷீட்டை எடுத்தால் உரிந்து கிடப்பது இதனால்தான். வியர்வையும் தலை எண்ணெயும் படும் இடம், அடிக்கடி மடங்கும் இடம் முதலில் போகும். சித்தப்பா சோஃபாவில் சாய்மானமும் கைப்பிடியும் முதலில் உரிந்ததற்குக் காரணம் தேய்ப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். உரியாத பின்பக்க உறையை நான் நகத்தால் கீறிக் காட்டினேன். யார் முதுகும் படாத அந்த இடத்திலும் தோல் துணியை விட்டுத் தனியாக எழுந்து வந்தது.

இதற்கும் சோதனை இருக்கிறது. பொருளை 70 டிகிரி வெப்பத்தில், 95 சதவீத ஈரப்பதத்தில் ஒரு பெட்டிக்குள் வாரக்கணக்கில் வைத்து எடுத்துப் பார்ப்பார்கள். எஸ்டர் வகை பியூ சீக்கிரம் பிசுபிசுக்கும், வெடிக்கும். பாலிகார்பனேட் வகை பியூ நீண்ட நாள் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். கடையில் ஒரு லட்சம் ரப்ஸ் என்று அட்டையில் அச்சடித்துத் தொங்கவிடுகிறார்கள். ஈரப்பதத்தில் எத்தனை வாரம் தாங்கியது என்று தொங்கும் அட்டையை நான் நம் ஊரில் இதுவரை பார்த்ததில்லை. ரெக்ஸின்தான் வேண்டும் என்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: "ஹைட்ரோலிசிஸ் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா? எத்தனை வாரம்?" ரிப்போர்ட் இல்லை என்றால், தேய்ப்பு எண்ணைப் பார்த்து அந்த உறையை வாங்காதீர்கள்.

சித்தப்பாவின் சோஃபாவில் மரமும் ஃபோமும் நன்றாகவே இருந்ததால் தூக்கிப் போடவில்லை. தெருமுனையில் குஷன் வேலை செய்யும் ஒருவரை அழைத்து உரிந்ததையெல்லாம் பிய்த்தெடுத்துவிட்டு, நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் துணியில் ஜிப் வைத்துக் கழற்றிப் போடுகிற மாதிரி உறை தைக்கச் சொன்னோம். துணிக் கடையில் சித்தப்பா பழக்கதோஷத்தில் எத்தனை ரப்ஸ் என்று கேட்டார். இருபத்தஞ்சாயிரம் என்றதும் முகம் வாடிவிட்டது. "முன்னாடி இருந்ததுல கால்வாசிதானேடா" என்றார். நான் அந்தத் துணியைக் கட்டை விரலால் இழுத்துப் பார்த்தேன், பின்பக்க நிறம் பார்த்தேன், ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தேன், எட்டு மீட்டர் வெட்டச் சொன்னேன்.

மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. கைப்பிடியில் எண்ணெய்க் கறை ஏறும்போது சித்தி ஜிப்பைத் திறந்து உறையைக் கழற்றி வாஷிங் மெஷினில் போடுகிறார்.